அப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டை தமிழ்ல விளக்கச் சொல்லி டாக்டருக்கு லெட்டர் எழுதுறேன், கொஞ்சம் படிச்சுப் பாத்து சொல்லுங்க

மல்லித்தோட்டம்
எல்லாருக்கும் வணக்கம். நான் டப்ளின்ல இருக்கேன், ஊரு உசிலம்பட்டி பக்கம். அப்பாவுக்கு 69 வயசு, மல்லி போட்டுருக்காரு, இன்னமும் விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு அம்மாவோட பூ பறிக்கப் போறவரு. போன வாரம் போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு தடவை "இரு தாயி, வந்துர்றேன்"னு போனை அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு, என்னம்மான்னு கேட்டா ஒண்ணுக்குப் போறதுக்குன்னு சொல்றாங்க, போனா வர கால்மணி நேரம் ஆகுது. அப்புறம் தம்பி வற்புறுத்தி மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி வயித்து ஸ்கேன் எடுத்து ஒரு டாக்டர்கிட்ட காமிச்சுருக்கான். டாக்டர் பாத்துட்டு "பிராஸ்டேட் கொஞ்சம் பெருசா இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல"ன்னு ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்துட்டாராம். பேரு டாம்சுலோசின்.

ரிப்போர்ட்டை தம்பி போட்டோ எடுத்து அனுப்பினான். அதுல இருக்குறது: ஃபேட்டி லிவர் கிரேடு 1, வலது கிட்னில 22 மில்லிமீட்டர்ல சிம்பிள் கார்டிகல் சிஸ்ட், ரெண்டு பக்கமும் மைல்டு ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ், ப்ளாடர் சுவர் 6 மில்லிமீட்டர் தடிப்பு, பிராஸ்டேட் 4.8 x 4.6 x 5.0 சென்டிமீட்டர், 57 சிசி, ப்ரீ வாய்ட் 560 மில்லி, போஸ்ட் வாய்ட் 240 மில்லி. கடைசில க்ளினிக்கல் கோரிலேஷன் சஜெஸ்டட்.

கட்டின்னு பாத்ததுமே எனக்குக் கை நடுங்கிருச்சு. ஆனா நான் லெட்டர் எழுதுறது எனக்காக இல்ல. எங்கப்பா தினமும் பேப்பரை முதல் வரிலருந்து கடைசி வரி வரைக்கும் படிக்குறவரு, அவரு உடம்பைப் பத்தி எழுதுன ரெண்டு பக்கத்துல ஒரு வரி கூட அவரால படிக்க முடியலையேன்னு நெனச்சா மனசு தாங்கல. அதனால டாக்டருக்கு தமிழ்லயே எழுதிருக்கேன், தமிழ்லயே பதில் கேட்டுருக்கேன். இதான் இப்ப வரைக்கும் எழுதுனது:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் தங்களிடம் சிகிச்சை பெறும் அப்பாவின் மகள். வெளிநாட்டில் இருப்பதால் நேரில் வர முடியவில்லை. அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள எல்லா விஷயங்களையும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் விளக்கி எழுதித் தந்தால் என்றும் நன்றியுடன் இருப்பேன். கிட்னியில் கட்டி இருப்பதாக உள்ளது, அது புற்றுநோயா, ஆபரேஷன் வேண்டுமா, என்ன சாப்பிடலாம், தோட்ட வேலை செய்யலாமா…"

இப்படியே ரெண்டு பக்கம் போகுது. சரியா இருக்கான்னு சொல்லுங்க.

எழுத்தாணி
இதுக்கு எதுக்கும்மா டாக்டரைத் தொந்தரவு பண்ணனும், ரிப்போர்ட்டை இங்க போட்டீங்கன்னா நானே வரிக்கு வரி தமிழாக்கித் தர்றேன். மொழிபெயர்ப்புதான் என் தொழில். ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ்னா சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் நீர்கோத்து வீங்குறது, மைல்டுன்னா லேசான. ஆக "இருபுறமும் லேசான நீர்வீக்கம்". அம்புட்டுதான், பயப்படாதீங்க.

செல்லூர்க்காரன்
எனக்கும் இதே மாதிரி தான் போன வருசம், இடுப்புல ஆரம்பிச்சு முன்பக்கம் வரைக்கும் இழுத்துப் புடிச்ச வலி, ராத்திரி பூரா உருண்டேன், ஸ்கேன்ல 7 மில்லிமீட்டர் கல்லுன்னாங்க, வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சேன், தண்ணி நாளைக்கு நாலு லிட்டர் குடிச்சேன், ஒரு மாசத்துல எனக்கே தெரியாம வெளியாயிருச்சு. அப்பாவை நல்லா தண்ணி குடிக்கச் சொல்லுங்க, எல்லாம் சரியாப் போயிரும்.

திருமங்கலம் ராஜா
பிராஸ்டேட் பெருசுன்னா முதல்ல கேன்சர் இல்லைன்னு உறுதி பண்ணணும் சகோதரி. பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் எடுத்தாரா டாக்டர்? எடுக்கலைன்னா வேற டாக்டர் பாருங்க. கிட்னி சிஸ்டையும் விடக்கூடாது, ஊசி போட்டு உறிஞ்சி எடுக்கணும். லெட்டர் கிட்டர்னு நேரத்தை வீணாக்காதீங்க.

பழைய வார்டு அக்கா
மல்லித்தோட்டம், நான் மதுரை பெரியாஸ்பத்திரில யூராலஜி வார்டுல ரொம்ப வருசம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. நான் டாக்டர் இல்ல, அதனால மருந்து சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாதிரி ரிப்போர்ட்டு ஆயிரக்கணக்குல கையில வாங்கி ஃபைல்ல வச்சுருக்கேன், எந்த வரியைப் பாத்து டாக்டருங்க முகம் மாறும்னு தெரியும்.

முதல்ல உன்னைய பயமுறுத்துன வரிய எடுத்துக்குவோம். சிம்பிள் கார்டிகல் சிஸ்ட்டுங்குறது கட்டி இல்லம்மா, தெளிஞ்ச தண்ணி நெறஞ்ச ஒரு சின்னக் கொப்புளம். அம்பது வயசுக்கு மேல ஸ்கேன் எடுக்குறவங்கள்ல நெறைய பேருக்கு இருக்கும். சிம்பிள்னு போட்டுருந்தா சுவர் மெலிசு, உள்ள தடுப்போ சதையோ ஒண்ணும் தெரியலைன்னு அர்த்தம், அதை யாரும் ஊசி போட்டு உறிஞ்ச மாட்டாங்க, ராஜா தம்பி சொல்றது வலி குடுக்குற பெரிய சிஸ்டுக்கு செய்யுறது. ஃபேட்டி லிவர் கிரேடு 1ம் இன்னைக்கு அவசரம் இல்ல.

இந்த ரிப்போர்ட்ல நான் ரெண்டாவது தடவை படிச்ச வரி 240. அப்பா ஒண்ணுக்குப் போயிட்டு வந்த பெறகும் பைக்குள்ள 240 மில்லி தங்கியிருக்கு. சாதாரணமா 50க்குக் கீழ இருக்கும், வயசானவங்களுக்கு 100 வரைக்கும் பெரும்பாலும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. 240ங்குறது கணக்குல எடுக்க வேண்டியது. அதோட சேத்து ரெண்டு கிட்னியும் லேசா வீங்கியிருக்குன்னு இருக்குல்ல, அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேந்த விஷயமா இருக்கலாம். பிராஸ்டேட் பெருசாகி பையோட வாசல்ல அடைப்பு இருந்தா பைக்குள்ள தண்ணி தேங்கும், பை நெறஞ்சு அழுத்தம் கூடுனா மேல இருந்து வர்ற தண்ணி எறங்க எடமில்லாம கிட்னிலயே நிக்கும். நம்ம வயல்ல மடையை அடச்சா வாய்க்கால்ல பின்னாடி தண்ணி ஏறுற மாதிரி.

எழுத்தாணி சார், நீங்க நல்ல மனசோட சொல்றீங்க. ஆனா "லேசான"ங்குற ஒரு வார்த்தைலதான் ஆபத்து. மைல்டுன்னு ஸ்கேன் டாக்டர் எழுதுறது வீக்கத்தோட அளவை மட்டும்தான், விஷயம் லேசானதுன்னு அவரு சொல்லல. ஒரு பக்கம் லேசா வீங்குனாலும் ஏன்னு பாப்பாங்க, ரெண்டு பக்கமும் சேந்து வீங்குனா லேசா இருந்தாலும் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் பாக்காம விடமாட்டாங்க. அதை வார்த்தைக்கு வார்த்தை மாத்துனா அப்பா "லேசுதான்"னு பேப்பரை மடிச்சு வச்சுருவாரு.

க்ளினிக்கல் கோரிலேஷன்னா, நான் படத்தை மட்டும்தான் பாத்தேன், ஆளைப் பாத்து முடிவு பண்ண வேண்டியது உங்க பொறுப்புன்னு ஸ்கேன் டாக்டர் மத்த டாக்டருக்குச் சொல்றது. அதனால உன் லெட்டரு ஸ்கேன் சென்டருக்குப் போகக்கூடாது, மாத்திரை எழுதுன டாக்டருக்குத்தான் போகணும், நீ சரியாத்தான் எழுதிருக்க.

இப்ப எனக்கு நீ சில விஷயம் கேட்டுச் சொல்லணும். ஸ்கேனுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் அடக்கிக்கிட்டு உக்காந்துருந்தாரு? கிட்னியைப் பாத்தது ஒண்ணுக்குப் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? ராத்திரி எத்தன தடவை எந்திரிக்கிறாரு? துணியோ படுக்கையோ நனையுதா? சளி மாத்திரை எதுவும் சாப்பிட்டாரா? சுகர் இருக்கா?

மல்லித்தோட்டம்
அக்கா, உங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அம்மாகிட்ட தனியா பேசுனேன், இப்பத்தான் எல்லாம் வெளில வருது.

ராத்திரி அஞ்சு தடவை எந்திரிக்கிறாராம். மூணு மணிக்கு பூ பறிக்க எந்திரிக்கிற வீடுங்குறதால முன்ன பின்ன நடமாட்டம் இருந்தாலும் யாருக்கும் வித்தியாசமாத் தெரியல, "விடியப் போகுது, இனி எதுக்குப் படுக்க"ன்னு சொல்லி திண்ணைல உக்காந்துருவாராம். அம்மா கொஞ்ச நாளா அவரு வேட்டியை தனியா அலசிக்கிட்டு இருந்துருக்காங்க. அதை சொல்லும்போது அம்மா குரல் இறங்கிருச்சு. என்கிட்ட சொல்லாதன்னு அப்பா சொல்லிருக்காரு.

சளி மாத்திரையும் உண்மை. மூணு வாரத்துக்கு முன்னாடி சளி காய்ச்சல்னு ஊர் மெடிக்கல்ல சொல்லி வாங்கி அஞ்சு நாள் சாப்பிட்டுருக்காரு, அதுக்கப்புறம்தான் ரொம்ப மோசமாச்சுன்னு அம்மா சொல்றாங்க. சுகர் இருக்கு, பத்து வருசமா மாத்திரை.

ஸ்கேனுக்கு ஒரு லிட்டர் தண்ணி குடிக்கச் சொல்லி ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுருக்காங்க, கூட்டமாம். கிட்னியை எப்பப் பாத்தாங்கன்னு தம்பிக்குத் தெரியல, ஆனா பாத்ரூம் போயிட்டு வந்த பெறகு அடிவயித்துல மட்டும் ஒரு நிமிசம் வச்சுப் பாத்துட்டு அனுப்பிட்டாங்கன்னு சொல்றான்.

பழைய வார்டு அக்கா
அதான் நான் நெனச்சேன். இப்ப கேளு.

560 மில்லிங்குறது வழக்கத்துக்கு மீறி நெறஞ்ச பை. ரொம்ப நேரம் அடக்குனா பை விரிஞ்சு தளந்து போயிரும், அப்பப் போனா முழுசா காலி பண்ண வராது. அதனால 240 கொஞ்சம் கூடுதலாக் காட்டியிருக்கலாம். அதே மாதிரி பை முட்ட நெறஞ்சு இருக்கும்போது கிட்னியைப் பாத்தா, நல்லா இருக்குறவங்களுக்கே லேசா வீங்குன மாதிரி தெரியும். போயிட்டு வந்த பெறகு மறுபடி கிட்னியைப் பாத்தா அந்த வீக்கம் எறங்கியிருக்கும். எறங்காம நின்னாத்தான் கவலை. இந்த ஒரு விஷயம் உங்க ரிப்போர்ட்ல இல்ல. உன் லெட்டருல முதல் கேள்வி இதுவாத்தான் இருக்கணும்.

ஆனா வேட்டி நனையுறதை நான் லேசா விடமாட்டேன். பை வலியில்லாம மெதுமெதுவா தேங்கிப் பழகிருச்சுன்னா, நெறஞ்சு வழியுறதுதான் சொட்டு சொட்டா வரும், அதுவும் தூக்கத்துல. அவங்களுக்கு வலி இருக்காது, போக்குல குறை இருந்தாலும் "வந்துக்கிட்டுதான இருக்கு"ம்பாங்க. வார்டுக்கு அப்படி வர்றவங்கள்ல சிலருக்கு கிரியாட்டினின் ஏறிப் போயி கால் வீங்கித்தான் கண்டுபிடிப்போம். டாக்டர் ரூமுல மூணு நிமிசத்துல உங்கப்பா இதைச் சொல்லிருக்க மாட்டாரு. அவருக்குத் தெரியாதது இதுதான், லெட்டருல நீ அவருக்குக் குடுக்க வேண்டியதும் இதுதான்.

சளி மாத்திரைல இருக்குற சில மருந்துங்க பையோட வாசலை இறுக்கிரும், சிலது பையோட தசையை சோம்பலாக்கிரும். பிராஸ்டேட் உள்ளவங்க மெடிக்கல்ல கேட்டு வாங்கி சாப்பிட்டு மறுநாள் சுத்தமா ஒண்ணுக்கு வராம ராத்திரி கேஷுவால்டிக்கு வர்றது எங்களுக்கு மழைக்காலத்துல வழக்கம். அதையும் எழுது. சுகரும் அப்படித்தான், பல வருசம் ஆனா பையோட நரம்பு மந்தமாயிரும், அப்ப அடைப்பை எடுத்தாலும் முழுசா காலி ஆகாது. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்றது டாக்டர் வேலை.

செல்லூர்த் தம்பி, உங்களுக்குக் கல்லு, அதுக்குத் தண்ணி குடிச்சது சரி. அடைப்பு இருக்குறவருக்கு நாலு லிட்டர் ஊத்துனா மடையடச்ச வாய்க்கால்ல இன்னும் தண்ணி திறந்து விடுற மாதிரி. அதுக்காக பட்டினி போட்ட மாதிரி தண்ணியைக் குறைக்கவும் கூடாது, தோட்டத்துல வேர்வை சிந்துறவரு.

திருமங்கலம் ராஜா
அக்கா சொல்றதெல்லாம் சரி, சிஸ்ட் விஷயத்துல நான் அவசரப்பட்டு சொல்லிட்டேன், ஒத்துக்கிறேன். ஆனா பிஎஸ்ஏ? எங்க மாமா எடுக்காம விட்டாரு, கண்டுபிடிக்கும்போது எலும்புக்குப் போயிருச்சு. அதான் எனக்கு அந்த ஆத்திரம்.

பழைய வார்டு அக்கா
ராஜா, உங்க மாமா விஷயம் கேட்டு வருத்தமா இருக்கு. நான் பிஎஸ்ஏ வேணாம்னு சொல்லல. ஆனா ஸ்கேன்ல 57 சிசிங்குறது வெறும் பெருசு, 20, 25 இருக்க வேண்டிய எடத்துல 57. வயசானா பெருசாகுறது பெரும்பாலும் சாதாரண வளர்ச்சிதான், சைஸை வச்சு கேன்சர்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. பிஎஸ்ஏ எடுக்குற நேரம் முக்கியம். யூரின்ல கிருமி இருந்தா ஏறும், குழாய் போட்ட உடனே எடுத்தாலும் ஏறும், அந்த நம்பரைப் பாத்து வீட்ல எல்லாரும் தூங்காம கெடப்பாங்க. யூரின் டெஸ்ட் பாத்துட்டு எடுக்கச் சொல்லலாம், டாக்டர்கிட்ட கேக்கட்டும்.

திருமங்கலம் ராஜா
யூரின் டெஸ்ட் ரிசல்ட்டுக்கு மூணு நாள் ஆகும், அதுவரை சும்மா இருக்கணுமா? எனக்கு ஒத்துக்கல. எடுத்து வச்சுட்டு அப்புறம் கூட மறுபடி எடுக்கலாமே.

பேரையூர் பெருமாள்
தாயி, எனக்கு 74 ஆகுது, பேரன்தான் டைப் பண்றான் நான் சொல்லச் சொல்ல. எனக்கும் இதே கேடுதான், அஞ்சு வருசமா சொல்லாம இருந்தேன். பஸ்ல ஏறுனா மதுரை போறதுக்குள்ள எங்க நிப்பாட்டுவான்னுதான் நெனப்பு ஓடும், கல்யாண வீட்டுக்குப் போனா முதல்ல பின்பக்கம் எங்கன்னுதான் பாப்பேன். மகளுகிட்ட எப்படி ஆத்தா சொல்ல முடியும். உங்கப்பன் உன்கிட்ட மறச்சதுக்கு கோவிச்சுக்காத. லெட்டரை நீ எழுது, ஆனா அப்பனுக்கு முதல்ல படிச்சுக் காட்டு, அவரு சரின்னு சொன்ன பெறகு குடு. அவருக்குத் தெரியாம வேட்டி நனையுறது டாக்டர் வாய்ல வந்தா அந்த மனுசன் இனிமே ஆஸ்பத்திரி வாசப்படி ஏற மாட்டாரு.

இன்னொண்ணு. அந்த ராத்திரி மாத்திரை எனக்கும் குடுத்தாங்க, மொத வாரம் எந்திரிச்சப்ப தலை சுத்தி செவுத்தைப் புடிச்சேன். உக்காந்து ரெண்டு நிமிசம் கழிச்சு எந்திரிக்கச் சொல்லு.

டோக்கன் ஏழு
நான் ஒரு டாக்டர் க்ளினிக்ல டோக்கன் போடுற வேலைல இருக்கேன், எந்த டாக்டர்னு சொல்ல வேணாம். லெட்டர் விஷயத்துல என் அனுபவம் சொல்றேன். சாயங்காலம் ஆறு மணிலருந்து பத்து மணி வரைக்கும் எழுபது எண்பது பேர் வர்றாங்க. ரெண்டு பக்க லெட்டரை எந்த டாக்டரும் அந்த நேரம் படிக்க முடியாது, ஃபைலுக்குள்ள போயிரும், அப்படியே வீட்டுக்குத் திரும்பிரும். ஆனா ஒரு பக்கத்துல நாலு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டு வரி காலி எடம் விட்டு எழுதிக் கொண்டாந்தா எங்க டாக்டர் பேனாவை எடுத்து அங்கயே எழுதிருவாரு, நான் கண்ணால பாத்துருக்கேன். "எல்லாத்தையும் விளக்குங்க"ன்னா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம "பயப்பட ஒண்ணுமில்ல"ன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க.

மத்தபடி ரெண்டு சின்ன விஷயம். வெளிநாட்டு நம்பர்லருந்து வாட்ஸ்அப்ல நேரா அனுப்பாதீங்க, யாருன்னே தெரியாது, நோயாளி விவரத்தை மகளா இருந்தாலும் அவரு சம்மதம் இல்லாம டாக்டர் பேச முடியாது. அப்பா கையெழுத்துப் போட்டு "என் மகளிடம் சொல்லலாம்"னு ஒரு வரி இருக்கணும். அப்புறம் கடைசி டோக்கன் கேட்டு வாங்கச் சொல்லுங்க, ஒம்போது மணிக்கு மேல கொஞ்சம் நிதானமா இருப்பாங்க. ஸ்கேன் பேப்பரை மேல வைங்க, லெட்டரை அதுக்கும் மேல.

மல்லித்தோட்டம்
பெருமாள் ஐயா, நீங்க சொன்னதைப் படிச்சுட்டு நேத்து அப்பாகிட்ட பேசுனேன். வீடியோ வேணாம்னு சாதாரண கால்லயே பேசுனேன், முகம் பாக்காம இருந்தா அவருக்கு சுலபமா இருக்கும்னு. லெட்டரைப் படிச்சேன். வேட்டி விஷயம் வந்தப்ப ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "எழுது தாயி, ஆனா நனையுதுன்னு எழுதாத, கசியுதுன்னு எழுது"ன்னாரு. அந்த ஒரு வார்த்தையை மாத்திட்டேன். இப்ப இப்படி இருக்கு:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். என் தகப்பனார் (வயது 69, சர்க்கரை நோய் 10 வருடம்) சென்ற வாரம் தங்களிடம் ஸ்கேன் ரிப்போர்ட் காட்டினார். தாங்கள் எழுதிய டாம்சுலோசின் 0.4 இரவில் சாப்பிட்டு வருகிறார். அன்று தங்களிடம் சொல்ல விட்டுப்போனவை: இரவில் ஐந்து முறை எழுகிறார். ஒரு மாதமாகத் தூக்கத்தில் சிறுநீர் கசிகிறது, வலி இல்லை. ஸ்கேனுக்கு முன் சளி மாத்திரை ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறார். ஸ்கேனுக்கு இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்தார். அடுத்த மாதம் வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருக்கிறது.

அப்பா தமிழ் நன்றாகப் படிப்பார். அவரே படித்துத் தெரிந்துகொள்ளும்படி கீழே உள்ள நான்குக்கும் தமிழில் ஓரிரு வரி எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. இரண்டு கிட்னியிலும் உள்ள வீக்கம் சிறுநீர் போன பிறகும் இருந்ததா? தெரியவில்லை என்றால் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

2. பைக்குள் தங்கிய 240 மில்லி எதனால்? பிராஸ்டேட் அடைப்பா, சர்க்கரையால் பை தளர்ந்ததா?

3. கிரியாட்டினின், யூரின் டெஸ்ட், பிஎஸ்ஏ இவற்றில் எது இப்போது எடுக்க வேண்டும்?

4. எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் உடனே வர வேண்டும்?

இதை என் மகளிடம் தெரிவிக்க எனக்குச் சம்மதம்."

கீழ அப்பா கையெழுத்து போடுவாரு. ஒவ்வொரு கேள்விக்கும் கீழ எடம் விட்டுருக்கேன். சிஸ்ட் பத்தி, சாப்பாடு பத்தி எல்லாம் எடுத்துட்டேன். புரை ஆபரேஷன் தேதி சும்மா ஒரு விவரமாத்தான் சேத்தேன், வேணுமா வேணாமான்னு தெரியல.

பழைய வார்டு அக்கா
அடி ஆத்தா, அதை எடுத்துராத! நீ சேத்ததுல அதுதான் தங்கம். அந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு புரை ஆபரேஷன் பண்ணும்போது கண்ணோட கருவிழித்திரை தளந்து போயி, பாப்பா விரிஞ்சு நிக்காம சுருங்கி வந்து தொந்தரவு குடுக்கலாம். கண் டாக்டருக்கு முன்னாடியே தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி தயாரா இருப்பாரு, பெருசா ஒண்ணும் ஆகாது. தெரியலைன்னா நடு ஆபரேஷன்ல திண்டாட்டம். மாத்திரையை நிப்பாட்டிட்டா போதும்னும் இல்ல, முன்னாடி சாப்பிட்டுருந்தாலும் சொல்லணும். கண் ஆஸ்பத்திரி சீட்டுலயும் மாத்திரை பேரை எழுதி வைக்கச் சொல்லு.

நாலாவது கேள்விக்கு டாக்டர் எழுதுறவரைக்கும் காத்திருக்க வேணாம், இதை தம்பிகிட்ட இன்னைக்கே சொல்லிரு. சுத்தமா ஒண்ணுக்கு வராம அடிவயிறு கல்லு மாதிரி உப்பி வலிச்சாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, ரத்தமா போனாலோ விடியட்டும்னு உக்காரக்கூடாது. பக்கத்துல இருக்குற கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கே போகலாம், குழாய் போட்டு விட்டுருவாங்க.

எழுத்தாணி
அக்கா சொன்னதை ரெண்டு நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன். "லேசான" எழுதுனப்ப சரியான சொல்லுன்னுதான் நெனச்சேன். இந்த லெட்டரோட தமிழ் நல்லா இருக்கு, நான் கை வைக்க ஒண்ணுமில்ல. ஒரே ஒரு யோசனை, எழுத்தை பெருசா அச்சடிச்சுக் குடுங்க, கண்ணுல புரை இருக்குறவரு படிக்கணும்.

மல்லித்தோட்டம்
பதில் வந்துருச்சு. தம்பி வியாழக்கிழமை கடைசி டோக்கன்ல கூட்டிட்டுப் போனான். டாக்டர் லெட்டரை முழுசா படிச்சாராம், படிச்சுட்டு அப்பாவைப் பாத்து "கசியுறதை அன்னைக்கே சொல்லிருந்தா அன்னைக்கே வேற மாதிரி பாத்துருப்பேன் ஐயா"ன்னு சொல்லிருக்காரு. அப்பா ஒண்ணும் பேசலையாம். அப்புறம் அங்கயே பேனாவை எடுத்து தமிழ்ல எழுதிக் குடுத்துருக்காரு. தம்பி போட்டோ அனுப்புனான், கையெழுத்து சாஞ்சு சாஞ்சு இருக்கு, ஆனா அப்பா சத்தமா வாசிச்சுக் காட்டுனாரு எனக்கு.

முதல் கேள்விக்கு "தெரியவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். இந்த முறை ரொம்ப அடக்காமல், போகத் தோணும்போது எடுக்கவும். போன பின் கிட்னியையும் பார்க்கச் சொல்லி எழுதியுள்ளேன்"ன்னு இருக்கு. ரெண்டாவதுக்கு "பெரும்பாலும் அடைப்பு. சர்க்கரையின் பங்கும் இருக்கலாம். நீர் போகும் வேகம் பார்த்தால் கொஞ்சம் தெரியும்". மூணாவதுக்கு "கிரியாட்டினின், யூரின் இன்றே. பிஎஸ்ஏ யூரின் ரிசல்ட் வந்த பின்". நாலாவதுக்கு அக்கா சொன்னதேதான், கூட "கால் முகம் வீங்கினால்"னு சேத்துருக்காரு. சளி மாத்திரைக்குக் கீழ ரெண்டு கோடு போட்டு "இனி கேட்காமல் வேண்டாம்".

சனிக்கிழமை மறுபடி ஸ்கேன். போறதுக்கு முன்னாடி 330, போன பெறகு 150. இடது கிட்னி வீக்கம் போன பெறகு இல்ல. வலது கிட்னில லேசா இன்னும் இருக்கு. கிரியாட்டினின் 1.4. யூரின் ரிசல்ட் இன்னும் வரல.

திருமங்கலம் ராஜா
240 வந்து 150 ஆயிருச்சே, நல்ல செய்திதான. பிஎஸ்ஏ மட்டும் மறக்காம எடுங்க சகோதரி.

பழைய வார்டு அக்கா
150ல மாத்திரையோட பங்கு எவ்வளவு, கம்மியா அடக்குனதோட பங்கு எவ்வளவு, சளி மாத்திரை விட்டதோட பங்கு எவ்வளவுன்னு பிரிக்க முடியாது, அதனால நல்ல செய்தின்னு முடிவு கட்ட வேணாம் ராஜா. கிரியாட்டினின் 1.4 கொஞ்சம் கூட. பழைய நம்பர் இருந்தா தேடு, சுகருக்காக எப்பவாவது எடுத்துருப்பாங்க, அது 1.3ஆ இருந்தா ஒரு கதை, 0.9ஆ இருந்தா வேற கதை.

எனக்கு இப்ப கண்ணுல படுறது வலது பக்கம். அடைப்பு கீழ வாசல்ல மட்டும்னா வழக்கமா ரெண்டு பக்கமும் சேந்துதான் ஏறும், சேந்துதான் எறங்கும். ஒண்ணு எறங்கி ஒண்ணு நிக்குதுன்னா அந்தப் பக்கக் குழாய்ல தனியா ஏதாவது இருக்கான்னு பாப்பாங்க, கல்லு மாதிரி. சாதாரண ஸ்கேன்ல குழாயோட நடுப்பகுதி குடலுக்குப் பின்னாடி மறைஞ்சு போயிரும், சரியாத் தெரியாது. டாக்டர் சிடி ஸ்கேன் சொன்னா பயந்துராத, கல்லு பாக்க மருந்து ஏத்தாம எடுக்குறதே போதும், கிரியாட்டினின் கூட இருக்குறவருக்கு அது நல்லதும் கூட.

செல்லூர்த் தம்பி, உங்க கல்லு இங்க வேலைக்கு வந்தாலும் வந்துரும் போல.

செல்லூர்க்காரன்
அக்கா, எனக்கும் அன்னைக்கு சிடிதான் எடுத்தாங்க, அஞ்சு நிமிசம்தான் ஆச்சு. அப்பாவுக்கு வலி இல்லாம கூட கல்லு இருக்குமா?

பழைய வார்டு அக்கா
இருக்கும் தம்பி. நகராம ஒரே எடத்துல உக்காந்துருச்சுன்னா வலிக்காமயே கிடக்கும்.

மல்லித்தோட்டம்
பழைய பேப்பர் எல்லாம் பூக்கணக்கு நோட்டுக்குள்ள மடிச்சு வச்சுருக்காரு அப்பா, அம்மா தேடுறாங்க. 2022ல எடுத்த ஒரு ரத்த டெஸ்ட் கெடச்சுருக்கு, கிரியாட்டினின் 1.0.

அடுத்த புதன் டாக்டர்கிட்ட போறாங்க. அதுக்குள்ள ரெண்டாவது லெட்டரு எழுதிட்டேன், ரெண்டே கேள்வி, 1.0 எப்படி 1.4 ஆச்சு, வலது பக்கம் ஏன் எறங்கல. அப்பா இப்ப நோட்டுல பூக்கணக்குக்குப் பக்கத்துலயே ராத்திரி எத்தன தடவைன்னு கோடு போட்டு வைக்கிறாரு. நேத்து மூணு கோடு.

பேரையூர் பெருமாள்
புதன்கிழமை என்ன சொன்னாங்கன்னு வந்து எழுதணும் தாயி. பேரன்கிட்ட தினமும் கேட்டுக்கிட்டு இருப்பேன்.